இடமாற்றம் கிடைத்தவர்கள் கிரிப் அறிக்கையையும் எடுத்துப் பாருங்கள்



கடன் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் "கிரிப்பில விழுந்திட்டன்" என்கிறோம். உண்மையில் கிரிப் எவரையும் விழுத்துவதில்லை. 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான அந்தக் கடன் தகவல் பணியகம், வங்கிகளும் லீசிங் கம்பனிகளும் அனுப்புவதைச் சேர்த்துக் காட்டுகிறது. கடன் கொடுப்பதா இல்லையா என்று முடிவெடுப்பது வங்கிதான். ஆகவே அங்கே என்ன எழுதியிருக்கிறது என்று நாம்தான் பார்க்க வேண்டும். அடையாள அட்டையுடன் வங்கிக் கிளையில் கேட்டோ crib.lk தளத்திலோ நமது அறிக்கையை எடுக்கலாம்.

அரச ஊழியர்களாகிய நமக்குச் சிக்கல் அதிகம் வருவது இடமாற்றத்தில். ஒரு கணக்கைப் பாருங்கள். முல்லைத்தீவில் படிப்பிக்கும் ஒருவருக்கு மாதம் 18,000 ரூபாய் தவணை, சம்பளத்தில் வெட்டுகிறார்கள். ஜனவரியில் வவுனியாவுக்கு மாற்றம். புதிய வலயத்தின் ஜனவரிச் சம்பளச் சிட்டையில் அந்த வெட்டு இல்லை, பெப்ரவரியில் தொடங்கிவிடுகிறது. "ஒரு மாதம்தானே" என்று விடுகிறார். ஆனால் பெப்ரவரியில் போன காசை வங்கி ஜனவரித் தவணைக்கே வரவு வைக்கும். பெப்ரவரித் தவணைக்கு மார்ச் காசு. இப்படி வருடம் முழுக்க ஒழுங்காக வெட்டியும் அறிக்கையில் மாதாமாதம் நிலுவை நாட்கள் தெரியும்.

சம்பளச் சிட்டைகளை வரிசையாக அடுக்கி, வங்கியில் கடன் கணக்குக் கூற்று வாங்கி ஒப்பிட்டால் விடுபட்ட மாதம் பிடிபடும். மீதியை ஒப்பிடும்போது அறிக்கையில் வங்கி தகவல் கொடுத்த திகதியைப் பாருங்கள். அன்றைய மீதியோடுதான் ஒப்பிட வேண்டும், இன்றைய மீதியோடு அல்ல. வெட்டவே இல்லையென்றால் விடுபட்ட தவணையைத் தண்ட வட்டியோடு கட்டிப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள். நிலுவை அத்தோடு நிற்கும், பழைய குறி அழியாது. வெட்டிய காசு வங்கியில் பதியப்படவில்லை என்றால் கதை வேறு: சிட்டையின் பிரதியோடு கிளைக்கு எழுத்தில் கொடுங்கள். தகவலை அனுப்பிய வங்கிதான் அதைத் திருத்தி அனுப்ப வேண்டும்.

பாவிக்காத கடன் அட்டையும் அப்படித்தான். வெட்டி எறிந்தால் கணக்கு மூடப்படாது, வருடக் கட்டணம் ஏறிக்கொண்டிருக்கும். முராபஹா, இஜாரா வசதிகளும் அறிக்கையில் வரும். "வட்டி இல்லையே" என்று அவற்றை விட்டுவிட வேண்டாம்.

அடுத்தது பிணை. ஓய்வறையில் தேநீர் குடித்தபடி ஒருவருக்கொருவர் கையெழுத்து வைக்கிறோம். பிணை நின்ற கடன்களும் நமது அறிக்கையில் வரும். மேலே சொன்னவரின் விடுபட்ட தவணை அவருடைய இரண்டு பிணையாளர்களையும் தொடும். கடனை எழுதிக்கொள்ளச் சொல்லும் அல்பகரா 282ஆம் வசனத்தைப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறோம். யாருக்கு, எந்த வங்கியில், எவ்வளவுக்குக் கையெழுத்து வைத்தோம் என்று நம்மில் எத்தனை பேர் எழுதி வைத்திருக்கிறோம்? இடமாற்றம் கிடைத்தவர் முதல் மாதச் சிட்டையைத் தன் பிணையாளர்களுக்குக் காட்ட வேண்டும் என்பது எங்கள் கருத்து. அவர்கள் கேட்டால் கோபிக்கவும் கூடாது.