விளம்பரத்திலிருந்து நீங்கிய வரி எங்கே போனது?

மதிப்பிற்குரிய தமிழ்நாடு தொழிலாளர் ஆணையர் அவர்களுக்கு,

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு ஆள் எடுத்துக் கொடுக்கும் ஒரு மேன்பவர் ஏஜென்சியில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். "பெண்கள் தேவை, வயது 18 முதல் 28, திருமணம் ஆகாதவர்கள் மட்டும், பஸ், சாப்பாடு, ஹாஸ்டல் இலவசம்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் போஸ்டர்களில் எத்தனையோ என் கையால் எழுதியவை. அது தவறு என்று அன்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் யோசிக்கவில்லை. அந்த உறுத்தல்தான் இன்று இந்த மடலை எழுத வைக்கிறது.

2024 ஜூன் மாதம், ஸ்ரீபெரும்புதூர் அருகே உள்ள ஃபாக்ஸ்கான் ஐபோன் தொழிற்சாலையில் திருமணமான பெண்கள் வேலைக்கு எடுக்கப்படுவதில்லை என்று ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. மத்திய தொழிலாளர் அமைச்சகம் தங்கள் துறையிடம் அறிக்கை கேட்டது. தேசிய மனித உரிமை ஆணையமும் நோட்டீஸ் அனுப்பியது. அந்த ஆண்டு முடிவதற்குள், வயது, பாலினம், திருமண நிலை பற்றிய வரிகளை விளம்பரங்களிலிருந்து எடுத்துவிடும்படி ஏஜென்சிகளுக்கு அந்த நிறுவனம் சொல்லிவிட்டதாகவும் செய்தி வந்தது. அத்தோடு விஷயம் தீர்ந்தது என்று பலரும் நினைத்தார்கள்.

வரி போனது, கேள்வி போகவில்லை. நான் வேலை பார்த்த இடத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். போஸ்டரில் எழுதாதபோது போனில் கேட்டோம். போனில் கேட்க முடியாதபோது ஆதாரைப் பார்த்தோம். முகவரியின் தொடக்கத்தில் அப்பா பெயர் இருக்கிறதா, கணவர் பெயர் இருக்கிறதா என்பது பல நேரம் தெரிந்துவிடும். கம்பெனிக்கு அனுப்பும் எக்செல் தாளில் பெயர், படிப்பு, ஊர், இவற்றுக்கு அடுத்து ஒரு சின்னக் கட்டம். அதில் ஒரே எழுத்துதான் இருக்கும். அந்த எழுத்தைப் பார்த்து ஆள் கழியும்.

உத்திரமேரூர் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தார். வயது 26, ப்ளஸ் டூ. வேறொரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் இரண்டு வருடம் லைனில் நின்ற அனுபவம். காலை ஐந்தரை பஸ்ஸில் கிளம்பி, எட்டு மணிக்குக் கம்பெனி கேட்டுக்கு வந்துவிட்டார். உள்ளே கூப்பிட்டவர் சர்டிபிகேட்டைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார். மெட்டி இருந்தது. "இந்த பேட்ச் முடிஞ்சிருச்சும்மா, அடுத்த மாசம் சொல்றோம்" என்றார். பேட்ச் முடியவில்லை. அன்று மதியமே அவரை விட அனுபவம் குறைந்த பதினான்கு பேரை நானே அனுப்பி வைத்தேன்.

ஏன் என்று கேட்டால் கம்பெனிகள் சொல்வது மூன்றே காரணம். முதலாவது நகை. உலோகம் உற்பத்தியைப் பாதிக்கும் என்றால், உலோகம் அணிந்து லைனுக்குள் வரக்கூடாது என்று விதி போடலாம். ஆண் போட்டிருக்கும் மோதிரத்துக்கும் காப்புக்கும் அதே விதி. அதற்குக் கல்யாணத்தை விசாரிக்க வேண்டியதில்லை.

இரண்டாவது பிரசவச் செலவு. இதைச் சொல்பவர்களில் பலருக்குக் கணக்கு தெரியாது என்றே நினைக்கிறேன். லைனில் நிற்கும் பெண்களில் பெரும்பாலோர் மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்குபவர்கள், அதனால் இ.எஸ்.ஐ. திட்டத்தில் வருபவர்கள். முதல் இரண்டு பிரசவங்களுக்கு 26 வாரச் சம்பளத்தைத் தருவது இ.எஸ்.ஐ. கழகம். கம்பெனி கட்டுவது சம்பளத்தில் 3.25 சதவீதச் சந்தா மட்டும்தான். அந்தச் சந்தா கல்யாணம் ஆனவர், ஆகாதவர், ஆண், பெண் எல்லோருக்கும் ஒன்றே. யாரைக் கழித்தாலும் அதில் ஒரு ரூபாய் மிச்சமாகாது.

மூன்றாவது காரணம், அடிக்கடி லீவு போடுவார்கள், லைன் நின்றுவிடும் என்பது. இதற்கு உச்ச நீதிமன்றம் 1965-லேயே பதில் சொல்லிவிட்டது. பம்பாயில் ஒரு மருந்து கம்பெனியின் பேக்கிங், லேபிள் ஒட்டும் பிரிவில், கல்யாணம் ஆனால் பெண்ணின் வேலை தானாகப் போய்விடும் என்று விதி இருந்தது. கூட்டாகச் செய்யும் வேலை, ஒருவர் வராவிட்டால் கெட்டுவிடும் என்று கம்பெனி வாதிட்டது. கல்யாணம் ஆனவர்தான் அதிகம் லீவு போடுவார் என்பதற்கு ஆதாரம் இல்லை, குழந்தைகள்தான் காரணம் என்றால் குழந்தை உள்ள விதவைக்கும் அது பொருந்துமே என்றது நீதிமன்றம். உண்மையான வேறுபாடு பிரசவ விடுப்பு ஒன்றுதான், அதற்குக் கூடுதலாகச் சிலரை வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லி விதியை நீக்கியது. இன்று எந்த லைனிலும் ரிலீவர் என்று சிலர் இருக்கிறார்கள். வழக்கில் சொன்ன கூடுதல் ஆட்கள் அவர்கள்தான்.

சட்டத்தில் ஒரு சந்து இருப்பதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். ஆள் எடுப்பதில் பால் வேறுபாடு கூடாது என்று 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் சொன்னது, அதற்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. திருமண நிலை என்ற சொல் இரண்டிலும் இல்லை. "எங்களிடம் முக்கால்வாசிப் பேர் பெண்கள்தானே, நாங்கள் எப்படிப் பெண்களை ஒதுக்குகிறோம்?" என்று கம்பெனிகள் கேட்பது இந்தச் சந்தில் நின்றுதான். அதை அடைக்க ஒரே கேள்வி போதும்: கல்யாணம் ஆன ஆணை எப்போதாவது திருப்பி அனுப்பினீர்களா? இல்லை என்றால், அந்தப் பெண்ணைத் தடுத்தது கல்யாணம் அல்ல, அவர் பெண் என்பதுதான். கல்யாணம் செய்துகொண்டதற்காக 1988-இல் வெளியேற்றப்பட்ட ராணுவ நர்சிங் அதிகாரிக்கு 60 லட்சம் ரூபாய் தரச் சொல்லி 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, அந்த விதி பெண்களுக்கு மட்டும் இருந்ததைத்தான் அது குறையாகக் கண்டது. இந்த விளக்கத்தைத் தங்கள் அலுவலகம் ஒரு சுற்றறிக்கையாகவே அனுப்பலாம்.

கல்யாணத்தைப் போலவே சாதியையும் கேட்கிறார்கள், அந்தக் கேள்வி இன்னும் வழுக்கலானது. அரசு வேலைக்கான விண்ணப்பத்தில் சமூகம் கேட்பது இடஒதுக்கீட்டுக்காக. அந்தப் படிவத்தைப் பார்த்து நகல் எடுத்த தனியார் கம்பெனிகளும் சமூகத்துக்கான கட்டத்தை அப்படியே வைத்திருக்கின்றன, அங்கே அதற்கு ஒரு வேலையும் இல்லை. கட்டம் இல்லாத இடத்தில் "எந்த ஊர், எந்தத் தெரு?" என்று கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். 1955-ஆம் ஆண்டின் குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டம், தீண்டாமையின் பெயரால் ஒருவருக்கு வேலையை மறுப்பதைக் குற்றமாக்குகிறது. ஆனால் "இன்ன சாதியினர் மட்டும் விண்ணப்பிக்கலாம்" என்று ஒருவர் எழுதினால், அதைத் தீண்டாமை என்று நிரூபிப்பது கடினம். 2019-இல் ரயில்வே உணவு ஒப்பந்ததாரர் ஒருவர் ஒரு குறிப்பிட்ட சாதி ஆண்களே வேண்டும் என்று விளம்பரம் கொடுத்தபோது, எதிர்ப்பு கிளம்பியதால்தான் பின்வாங்கினார். இந்தக் கட்டத்தைத் தனியார் படிவங்களிலிருந்து எடுக்கச் சொல்வதற்காவது தாங்கள் முன்வர வேண்டும்.

கடைசியாக, விசாரணை முறை. ஃபாக்ஸ்கான் விஷயத்தில் அதிகாரிகள் ஆள் எடுப்பு ஆவணங்களைப் பார்க்காமல், ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களிடம் விசாரித்து அறிக்கை எழுதினார்கள் என்று மனித உரிமை ஆணையம் குறை சொல்லி, மறுபடி விசாரிக்கச் சொன்னது. நியாயமான குறை. உத்திரமேரூர்ப் பெண் அவரைத் திருப்பி அனுப்பிய கம்பெனியின் மஸ்டர் ரோலிலும் இல்லை, அதன் இ.எஸ்.ஐ. பட்டியலிலும் இல்லை. வேலைக்குள் தேடினால் அவர் கிடைக்கவே மாட்டார்.

ஆனால் அவர் இரண்டு இடத்தில் இருக்கிறார். ஏஜென்சி கம்பெனிக்கு மெயிலில் அனுப்பிய பட்டியலில் இருக்கிறார், கேட் செக்யூரிட்டியின் வருகைப் பதிவேட்டில் இருக்கிறார். எடுத்தவர்கள் பட்டியலில் மட்டும் இல்லை. இந்த மூன்றையும் ஒரே வாரத்துக்கு வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விளம்பரம் கொடுத்தது ஏஜென்சி, எங்களுக்குத் தெரியாது என்று கம்பெனி சொன்னால், யாருடைய லைனுக்கு ஆள் போனது என்பதும் அதிலேயே தெரியும். அந்தத் தாள்களில் எந்தக் கட்டம் எதற்கு என்று காட்டித்தர ஆள் வேண்டுமானால், தங்கள் அலுவலகத்துக்கு வந்து உட்காரத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் ஆள்சேர்ப்பு ஊழியர் ஒருவர்,
காஞ்சிபுரம் மாவட்டம்