ரீஃபண்ட் வந்துவிட்டால் ஏற்றுக்கொண்டதாகிவிடுமா?

ஜூலை பிறந்ததும் அலுவலகக் கேன்டீன்களில் ஒரு பேச்சு கிளம்பிவிடுகிறது. “ஏழு கோடி பேர் ரிட்டர்ன் போடுறாங்க. நூத்துல ஒண்ணைக்கூட எடுத்துப் பார்க்க மாட்டாங்க. போன வருஷம் நான் போட்டதுக்கு ரீஃபண்ட் வந்து செலவும் பண்ணியாச்சு. நீயும் போடு.” படித்தவர்கள், நல்ல வேலையில் இருப்பவர்கள், பிள்ளைகளுக்கு ஒழுக்கம் சொல்லிக்கொடுப்பவர்கள் பேசுகிற பேச்சு இது. இதில் முதல் பாதி உண்மை. அந்த உண்மையிலிருந்து இவர்கள் எடுக்கும் முடிவு முழுப் பிழை. அந்தப் பிழையால் மாதச் சம்பளக்காரர்கள் பலர் இன்று சிக்கித் தவிக்கிறார்கள்.

உண்மையான பாதியை முதலில் பார்ப்போம். 2024 ஜூலை 31 வரை வந்து சேர்ந்த வருமான வரி ரிட்டர்ன்கள் 7.28 கோடி. அதிகாரி ஒருவர் ஆவணங்களைக் கேட்டு வாங்கி ஆராய்வதை ஸ்க்ரூட்டினி என்கிறோம். அதற்கு எடுக்கப்படுபவை உண்மையிலேயே மிகக் குறைவு. 2019 பிப்ரவரி 1 அன்று இடைக்காலப் பட்ஜெட்டைத் தாக்கல் செய்த பியூஷ் கோயல், முந்தைய ஆண்டு வந்த ரிட்டர்ன்களில் 99.54 சதவீதம் தாக்கல் செய்யப்பட்டபடியே ஏற்கப்பட்டதாக அறிவித்தார். நேர்மையான வரிசெலுத்துவோருக்குத் தெம்பூட்டச் சொன்னதுதான். ஆனால் ‘ஏற்கப்பட்டது’ என்று கேட்டவர்கள், ‘சரிபார்த்து ஒப்புக்கொள்ளப்பட்டது’ என்று எடுத்துக்கொண்டார்கள். இரண்டும் ஒன்றல்ல.

ஏன் இவ்வளவு குறைவு? சோம்பலோ அலட்சியமோ காரணமில்லை. ஒரு ஸ்க்ரூட்டினி எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் இது புரியும். முதலில் 143(2) நோட்டீஸ் போக வேண்டும். பிறகு 142(1)-இன்கீழ் கேள்விப் பட்டியல். வரிதாரர் அவகாசம் கேட்பார், கொடுக்க வேண்டும். பதில் வந்ததும் வங்கியிடமோ காப்பீட்டு நிறுவனத்திடமோ நன்கொடை வாங்கியவரிடமோ 133(6)-இன்கீழ் தனியாகத் தகவல் கேட்க வேண்டியிருக்கும். வருமானத்தைக் கூட்டுவதென்றால், ஏன் கூட்டக்கூடாது என்று முன்கூட்டியே விளக்கம் கேட்டே ஆக வேண்டும். அதற்கும் பதில் வாங்கி, காரணங்களை எழுதி, மேல்முறையீட்டில் நிற்கிற மாதிரி உத்தரவு போட வேண்டும். ஒரு படியைத் தாண்டிக் குதித்தாலும் தீர்ப்பாயத்தில் உத்தரவு அடிபட்டுப் போகும். இத்தனையையும் மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 12 மாதத்துக்குள் முடிக்க வேண்டும்.

ஓர் அதிகாரி ஆண்டுக்கு 100 கோப்புகளை இப்படி ஒழுங்காக முடிப்பார் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 7.28 கோடியையும் பார்க்க 7.28 லட்சம் அதிகாரிகள் வேண்டும். நூற்றில் ஒன்றைப் பார்க்கவே 7,280 பேர் வேறு வேலையே செய்யாமல் உட்கார வேண்டும். பார்த்துத்தான் என்ன கிடைக்கும்? சம்பளமும் வங்கி வட்டியும் மட்டுமே உள்ள ஓர் ஆசிரியரின் வருமானம் பள்ளி வழியாகவும் வங்கி வழியாகவும் ஏற்கெனவே துறைக்குத் தெரியும். அவரை உட்காரவைத்துக் கேள்வி கேட்டால் அவருக்குத்தான் தொல்லை, அரசுக்கு ஒரு ரூபாய் வராது. அதனால்தான் யாரைப் பார்ப்பது என்பதை இடர்ப்பாட்டை வைத்து முடிவு செய்கிறார்கள்.

இதை மக்கள் ரயிலில் டிக்கெட் பரிசோதகர் ஏறுவதுபோல நினைத்துக்கொள்கிறார்கள்: எந்தப் பெட்டியில் ஏறுவார் என்று தெரியாது, நம் பெட்டியாக இல்லாவிட்டால் தப்பித்தோம் என்று. நடப்பது அப்படியில்லை. எல்லா ரிட்டர்னும் பெங்களூருவிலுள்ள மையச் செயலாக்க மையத்தின் கணினி வழியாகப் போகிறது. கூட்டல் பிழை, ரிட்டர்னுக்குள்ளேயே ஒன்றோடொன்று முரண்படும் கோரிக்கை, கட்டிய வரிக்கும் கேட்ட வரவுக்கும் உள்ள வித்தியாசம் போன்றவை அங்கே பிடிபடும். இதுதான் 143(1) அறிவிப்பு. ரீஃபண்ட் இந்தக் கட்டத்தில்தான் வருகிறது. 80ஜிஜிசி-யில் ஒன்றரை லட்சம் நன்கொடை என்று எழுதியிருந்தால், அந்தப் பணம் உண்மையிலேயே அந்தக் கட்சிக்குப் போனதா என்று இந்தக் கட்டத்தில் யாரும் விசாரிப்பதில்லை. கணக்கு கூட்டினால் சரியாக வருகிறது, பணம் திரும்பி வருகிறது, அவ்வளவுதான்.

அடுத்த கட்டம் வேறு. வங்கிகள், பத்திரப் பதிவு அலுவலகங்கள், மியூச்சுவல் ஃபண்டுகள், கிரெடிட் கார்டு நிறுவனங்கள் எல்லாம் குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட பரிவர்த்தனைகளைத் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். சேமிப்புக் கணக்கில் ஆண்டுக்கு 10 லட்சம் ரொக்கம், 30 லட்சத்துக்கு நிலம் அல்லது வீடு என்று வரம்புகள் உண்டு. வேலை தந்தவர் காலாண்டு டிடிஎஸ் அறிக்கையில் உங்கள் சம்பளத்தையும், அவரிடம் நீங்கள் காட்டிய கழிவுகளையும் எழுதி அனுப்புகிறார். இவற்றோடு உங்கள் ரிட்டர்னை ஒப்பிட்டுத் தேர்ந்தெடுப்பதுதான் கணினிவழி ஸ்க்ரூட்டினித் தேர்வு. எந்த அளவுகோலுக்கு எத்தனை எடை என்று துறை வெளியில் சொல்வதில்லை. சொன்னால் அந்த அளவுகோலுக்கு ஒரு ரூபாய் கீழே கணக்கு எழுதிக் கொடுக்க ஆள் இருக்கிறது. இதற்கு வெளியே கட்டாயமாக எடுக்கப்படும் கோப்புகளும் உண்டு. சோதனை நடந்த இடங்கள், வேறொரு விசாரணை அமைப்பு வரி ஏய்ப்பு பற்றிக் குறிப்பான தகவல் தந்த கோப்புகள் போன்றவை அவை. அங்கே கணினி தேர்ந்தெடுக்க வேண்டிய அவசியமே இல்லை.

ஆகவே நூற்றில் அரைகூட இல்லை என்பது நாட்டின் சராசரி. அது யாருடைய தனிப்பட்ட வாய்ப்பும் அல்ல. அந்த ஆசிரியருக்கு வாய்ப்பு கிட்டத்தட்டப் பூஜ்யம். பொய்க் கழிவு எழுதித் தந்து சோதனைக்கு உள்ளான ஓர் இடைத்தரகரின் பட்டியலில் பெயர் இருப்பவருக்கு அது நூற்றுக்கு நூறை நெருங்கும். இரண்டையும் சேர்த்து வகுத்து வரும் எண்ணை வைத்துத் துணிச்சல் கொள்வது பைத்தியக்காரத்தனம்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பழைய வரிமுறையில் இருக்கும் ஒரு சம்பளக்காரர், 2024-25 மதிப்பீட்டு ஆண்டு. சம்பளம் 12 லட்சம். நிலையான கழிவு 50,000, 80சி 1.5 லட்சம் போக 10 லட்சத்துக்கு வரி. செஸ் சேர்த்து 1,17,000 ரூபாய், முழுவதும் சம்பளத்திலேயே பிடித்தாயிற்று. இடைத்தரகர் வருகிறார். கட்சி நன்கொடை, கல்விக் கடன் வட்டி, மருத்துவக் காப்பீடு என்று இல்லாததையெல்லாம் மூன்று லட்சத்துக்கு எழுதுகிறார். வரி 54,600 ஆகிறது. 62,400 ரூபாய் ரீஃபண்ட் வருகிறது, அதில் அவர் கமிஷனை எடுத்துக்கொள்கிறார். 2024 ஜூலையில் போட்ட இந்த ரிட்டர்னுக்கு ஸ்க்ரூட்டினி நோட்டீஸ் 2025 ஜூன் 30 வரை வந்திருக்கலாம். அந்தத் தேதி தாண்டிவிட்டது என்று நிம்மதி அடைய முடியாது. தகவல் கிடைத்தால் 148-இன்கீழ் திறக்க, மதிப்பீட்டு ஆண்டு முடிந்து மூன்றேகால் ஆண்டு அவகாசம் இருக்கிறது. தப்பிய வருமானம் 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் ஐந்தேகால் ஆண்டு. (2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்தாலும், இந்தப் பழைய ஆண்டுகளுக்கு 1961-ஆம் ஆண்டுச் சட்டம்தான்.) பிடிபட்டால் 62,400-ஐத் திருப்பிக் கட்ட வேண்டும். பொய்யாகக் காட்டியதற்கு 270ஏ-வின்கீழ் வரியைப்போல இரண்டு மடங்கு, அதாவது 1,24,800 ரூபாய் அபராதம் விழலாம். வட்டி தனி. கமிஷன் வாங்கியவர் இதில் பத்துப் பைசா ஏற்கப்போவதில்லை.

இது கற்பனைப் பூச்சாண்டி அல்ல. 2025 ஜூலை 14 அன்று துறை நாடெங்கும் 150 இடங்களில் சரிபார்ப்பு நடவடிக்கை தொடங்கியது. இப்படிப் போலிக் கழிவு எழுதித் தரும் இடைத்தரகர்கள்தான் இலக்கு. அண்மையில் சோதனை நடந்த மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று என்று அன்றைய அறிவிப்பே சொன்னது. அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் ஏறத்தாழ 40,000 பேர் ரிட்டர்னைத் திருத்தி, 1,045 கோடி ரூபாய்க்கான பொய்க் கோரிக்கைகளைத் திரும்பப் பெற்றிருந்தார்கள். அந்த அறிவிப்பில் என்னை மிகவும் உறுத்திய தகவல் ஒன்று உண்டு. இடைத்தரகர்கள் பலர் மொத்தமாக ரிட்டர்ன் போடுவதற்கென்றே தற்காலிக மின்னஞ்சல் முகவரிகளை உண்டாக்கி, வேலை முடிந்ததும் கைவிட்டுவிடுகிறார்கள். துறையின் நோட்டீஸ் அந்த அநாதை முகவரிக்குப் போய்க் கிடக்கிறது. வரிதாரருக்குத் தெரியவே தெரியாது. “ஒரு நோட்டீஸ்கூட வரலையே” என்று கேன்டீனில் அவர் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தத் தேர்வுமுறை குறையில்லாதது என்று நான் வாதாடவில்லை. கணவன் மனைவி கூட்டாக வாங்கிய வீட்டின் முழு விலையும் இருவர் கணக்கிலும் ஏறிக்கொண்டு, தவறே செய்யாதவரைச் சந்தேகப் பட்டியலில் கொண்டுபோய் நிறுத்துவது உண்டு. ஏஐஎஸ் அறிக்கையில் அதைத் தவறென்று குறிக்க வழி இருக்கிறது, குறிக்க வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்டது குற்றத்தீர்ப்பு அல்ல. பல கோப்புகளில் ஒன்றிரண்டு கேள்விக்கு மட்டுமே அதிகாரம் உள்ள வரையறுக்கப்பட்ட ஸ்க்ரூட்டினிதான் நடக்கிறது. இதைவிடப் பெரிய குறை இன்னொன்று. கணினி ஒப்பிடுவதற்கு மூன்றாம் நபரின் தகவல் வேண்டும். பில் போடாமல் ரொக்கத்தில் விற்கும் மொத்த வியாபாரியைப் பற்றி யாரும் எந்த அறிக்கையும் அனுப்புவதில்லை. அவருடைய ரிட்டர்ன் எதோடும் முரண்படாமல் சுத்தமாக நிற்கும். அவரைப் பிடிக்க, அதிகாரிகள் கடைக்கு நேரில் போய் சரக்கை எண்ணிக் கணக்குப் புத்தகத்தோடு பார்க்க வேண்டும். நாள்கணக்கில் ஆகும் வேலை அது.

என் கோபம் இங்கேதான். பெரிய ஏய்ப்பவர்களைத் தேடிப் போவதற்குத்தான் இருக்கிற கொஞ்ச அதிகாரிகளின் நேரம் தேவைப்படுகிறது. 62,400 ரூபாய்க்காக மூன்று லட்சம் பொய் எழுதுகிற ஒவ்வொருவரும் அந்த நேரத்தைத் தின்கிறார். “பெரிய ஆளையெல்லாம் விட்டுட்டு எங்களைப் பிடிக்கிறாங்க” என்று பிறகு புலம்புவதும் அவரேதான்.

ஏற்கெனவே எழுதிவிட்டவர்களுக்கு வழி இருக்கிறது. முதலில் வருமான வரித் தளத்தில் உங்கள் பான் எண்ணில் நுழைந்து, பதிவாகியுள்ள மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் உங்களுடையவைதானா என்று பாருங்கள். இல்லையென்றால் அன்றே மாற்றி, நிலுவையிலுள்ள நோட்டீஸ்களைத் திறந்து படியுங்கள். பிறகு 139(8ஏ)-இன்கீழ் திருத்திய கணக்கைப் புதுப்பித்த ரிட்டர்னாகப் போடலாம். மதிப்பீட்டு ஆண்டு முடிந்து முதல் ஆண்டுக்குள் போட்டால் கட்ட வேண்டிய வரியிலும் வட்டியிலும் 25 சதவீதம் கூடுதல். இரண்டாம் ஆண்டில் 50, மூன்றாவதில் 60, நான்காவதில் 70. மேலே சொன்ன கணக்கில் 62,400-க்கு முதல் ஆண்டின் கூடுதல் 15,600 ரூபாய், இரண்டாம் ஆண்டின் கூடுதல் 31,200 ரூபாய், வட்டியின்மீது வருவது தனி. அந்த ஆண்டுக்கான ஸ்க்ரூட்டினி தொடங்கிவிட்டால் இந்த வழி அடைபட்டுவிடும்.