பாடம் நடத்துவது பாதி, பதிவு வைப்பது மீதி: கல்லூரி ஆசிரியரின் பதவி உயர்வு எப்படி முடிவாகிறது?

2025 ஜனவரி 6-ம் தேதி யுஜிசி ஒரு வரைவு விதிமுறையை வெளியிட்டதும் பெரிய சர்ச்சை கிளம்பியது. துணைவேந்தரை யார் நியமிப்பது என்பதுதான் அப்போதைய பேச்சு. தமிழ்நாடு சட்டப்பேரவையில் எதிர்ப்புத் தீர்மானமே நிறைவேறியது. ஆனா அதே வரைவில் இன்னொரு விஷயமும் இருந்தது. ஒரு கல்லூரி ஆசிரியர் நல்லா வேலை பார்க்கிறாரா இல்லையா என்பதை எப்படி அளப்பது? அது அவ்வளவாகப் பேசப்படவில்லை.

இந்த அளவீடு வெறும் பேப்பர் வேலை இல்லை. உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். அடுத்த நிலைக்குப் போனால் அது 68,900 ரூபாயில் தொடங்கும். இந்த நகர்வு ஒரு வருஷம் தள்ளிப்போனால், அதற்குப் பின்னால் வரும் ஒவ்வொரு உயர்வும் தள்ளிப்போகும். சரி, இதை முடிவு செய்யும் 2018-ம் ஆண்டு யுஜிசி விதிமுறையில் அப்படி என்னதான் இருக்கு? விரிவாகப் பார்க்கலாம்.

ஆண்டு மதிப்பீடு எப்படி நடக்கிறது?

2010-ல் வந்த விதிமுறை எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டது. பாடம் நடத்த இவ்வளவு, கமிட்டியில் இருக்க இவ்வளவு, கட்டுரைக்கு இவ்வளவு என்று ஆசிரியர்கள் பாயின்ட் சேர்க்க ஓட வேண்டியிருந்தது. 2018-ல் அந்த முறை கைவிடப்பட்டது. பதிலாக ஆண்டுதோறும் மூன்று தரங்களில் ஒன்று தரப்படும்: ‘நன்று’, ‘திருப்தி’, ‘திருப்தி இல்லை’.

ஆசிரியர் வருஷ முடிவில் சுய மதிப்பீட்டுப் படிவத்தை நிரப்பித் தர வேண்டும். அதற்கான ஆவணங்களைத் தொகுத்து வைப்பது கல்லூரியின் உள்தர உறுதிப் பிரிவு, அதாவது ஐக்யூஏசி. படிவத்தில் பார்ப்பது இரண்டே விஷயம்.

முதலாவது, கற்பித்தல். ஒதுக்கப்பட்ட வகுப்புகளில் எத்தனை சதவீதம் எடுத்தார் என்பது கணக்கு. 80 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் நன்று. 70-க்கு மேல், 80-க்குக் கீழ் என்றால் திருப்தி. 70-க்குக் கீழே போனால் திருப்தி இல்லை.

இரண்டாவது, மற்ற பணிகள். இதில் ஏழு வகை இருக்கு. துறைத் தலைவர், விடுதி வார்டன் போன்ற நிர்வாகப் பொறுப்பு, தேர்வுப் பணியும் விடைத்தாள் திருத்துவதும், மாணவர் மன்றம், என்எஸ்எஸ், வேலைவாய்ப்பு ஆலோசனை போன்றவை, கருத்தரங்கு நடத்துவது, பிஎச்டி மாணவருக்கு வழிகாட்டுவது, நிதியுதவி பெற்ற ஆய்வுத் திட்டம், ஒரு ஆய்வுக் கட்டுரை. இவற்றில் மூன்று செய்திருந்தால் நன்று. ஒன்றோ இரண்டோ என்றால் திருப்தி. எதுவுமே இல்லை என்றால் திருப்தி இல்லை.

இரண்டிலும் குறைந்தது ‘திருப்தி’ வாங்கினால்தான் அந்த வருஷம் தேறும்.

ஒரு உதாரணக் கணக்கு

கணக்கு புரிவதற்காக ஒரு கற்பனை உதாரணம். பிஎச்டி முடித்த ஒரு உதவிப் பேராசிரியை, கலைக் கல்லூரியில் தமிழ் நடத்துகிறார். விதிப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் நேரடிக் கற்பித்தல். வருஷத்துக்கு 30 வாரம். ஆக மொத்தம் 480 மணி நேரம். பிஎச்டி இருப்பதால் 4 ஆண்டில் அடுத்த நிலைக்கு விண்ணப்பிக்கலாம். இதற்கான பயிற்சி வகுப்புகளை அவர் முடித்துவிட்டார். இனி தேவை, கடைசி 4 ஆண்டுகளில் குறைந்தது 3 ஆண்டு ‘திருப்தி’ அல்லது ‘நன்று’.

முதல் வருஷம் 444 மணி நேரம் வகுப்பு எடுத்தார். 92.5 சதவீதம். பசங்க மத்தியில் நல்ல பேரு. மாலையில் உட்கார்ந்து, பின்தங்கிய மாணவர்களுக்குத் தனியாகச் சொல்லியும் கொடுத்தார். ஆனா ஏழு வகையில் ஒன்றுக்கும் கையில் ஆவணம் இல்லை. முடிவு: திருப்தி இல்லை. கற்பித்தலில் எவ்வளவு உயரம் போனாலும் இரண்டாவது பகுதியில் பூஜ்யம் என்றால் மொத்தமும் பூஜ்யம்தான்.

இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் என்எஸ்எஸ் பொறுப்பும் விடைத்தாள் திருத்தும் பணியும் வந்தன. வகுப்பும் போதுமான அளவு எடுத்தார். இரண்டு வருஷமும் தேறியது.

நாலாவது வருஷம்தான் சிக்கல். இரண்டு வாரம் மருத்துவ விடுப்பு. அதுபோக நாக் குழு வருகைக்கான ஃபைல் வேலை, அட்மிஷன் கமிட்டி, தேர்வு மேற்பார்வை என்று பல ஹவர் போய்விட்டது. எடுத்தது 330 மணி நேரம். 480-க்கு வகுத்தால் 68.75 சதவீதம். அதாவது திருப்தி இல்லை. 4 ஆண்டில் 2 ஆண்டு போச்சு. பதவி உயர்வு தள்ளிப்போகும்.

ஆனா விதியின் குறிப்பில் ஒரு வரி இருக்கு. மகப்பேறு, மருத்துவம், குழந்தைப் பராமரிப்பு, படிப்பு போன்ற விடுப்புக் காலத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. முன் அனுமதியோடு எடுத்த விடுப்பால் ஆசிரியருக்கு எந்தப் பாதகமும் வரக் கூடாது என்றும் சொல்கிறது. இரண்டு வார விடுப்பு என்றால் 32 மணி நேரம். அதைக் கழித்தால் ஒதுக்கப்பட்டது 448 மணி நேரம்தான். 330-ஐ 448-ஆல் வகுத்தால் 73.66 சதவீதம். இப்போ அதே வருஷம் ‘திருப்தி’.

எடுத்த வகுப்பு ஒன்றுகூட மாறவில்லை. கீழே போட்டு வகுக்கும் எண் மட்டும் மாறியது. படிவத்தை நிரப்பும்போது 480 என்று எழுதினாரா, 448 என்று எழுதினாரா, விடுப்பு அனுமதி உத்தரவை இணைத்தாரா என்பதில்தான் அவருடைய உயர்வு நிற்கிறது.

கவனிக்க வேண்டியது இன்னொன்று. விடுப்புக்கு இந்தச் சலுகை உண்டு. ஆனா கல்லூரியே கொடுத்த நாக் வேலைக்காக விட்ட வகுப்பு இந்த விடுப்புப் பட்டியலில் இல்லை. அந்த வேலை இரண்டாவது பகுதியில் ஒரு வரியாக ஏறலாம். ஆனா முதல் பகுதியில் சதவீதத்தைக் குறைக்கும். மூன்று பணிக்கு மேல் எத்தனை செய்தாலும் அதே ‘நன்று’தான் என்பதால், எட்டுக் கமிட்டியில் இருப்பவருக்குக் கூடுதலாக எதுவும் கிடைக்காது, வகுப்பு மட்டும் குறையும். ஈடு செய்யும் வகுப்பை வேறு ஹவரில் எடுத்து, பணிப் பதிவேட்டில் அன்றே எழுதி வைப்பதுதான் வழி.

இந்த அளவுகோல் எதைப் பார்க்கவில்லை?

படிவம் எண்ணுவது எடுத்த வகுப்புகளை. வகுப்பில் என்ன நடந்தது என்பதை இல்லை. பாடக்குறிப்பை வாசித்துவிட்டுப் போனவருக்கும், அதே பாடத்தைப் புரியும்படி நடத்தியவருக்கும் ஒரே சதவீதம்தான். மாணவர்கள் தரும் கருத்துக்கு இந்த அட்டவணையில் இடம் இல்லை.

வழிகாட்டுதலிலும் இதே நிலைதான். பிஎச்டி மாணவருக்கு வழிகாட்டுவது தனி வரியாக இருக்கு. ஆனா முதல் தலைமுறையாகப் படிக்க வந்த ஒரு பிஏ மாணவி ரெண்டாவது செமஸ்டரில் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வதற்குத் தனி வரி கிடையாது. நாக் மதிப்பீட்டில் வழிகாட்டி–மாணவர் விகிதம் கேட்கிறார்கள். அதுவும் ஒரு ஆசிரியருக்கு எத்தனை மாணவர் என்ற எண்ணிக்கைதான்.

அதைவிட, ஏழு பணியும் ஒன்றுக்கொன்று ஈடு என்பது முக்கியம். மாணவர் பணி எதுவும் செய்யாமல், விடைத்தாள் திருத்திவிட்டு, ஒரு கருத்தரங்கு நடத்தி, ஒரு கட்டுரை போட்டாலும் ‘நன்று’ கிடைக்கும். உதவிப் பேராசிரியர் அடுத்த நிலைக்குப் போக ‘நன்று’ம் ‘திருப்தி’யும் ஒன்றாகவே எண்ணப்படும். ஆக, நிஜமான கோடு 80 இல்லை, 70.

மேலே போகப் போக என்ன மாறுகிறது?

கல்லூரிப் பேராசிரியர் பதவிக்கு வரும்போது தராசு ஆய்வுப் பக்கம் சாய்ந்துவிடும். பிஎச்டியோடு 10 ஆய்வுக் கட்டுரையும், 110 ஆய்வுப் புள்ளியும் வேண்டும்.

மொழிப் பாடத்தில் தனியாக எழுதிய கட்டுரைக்கு 10 புள்ளி. இருவர் சேர்ந்து எழுதினால் ஒவ்வொருவருக்கும் 7. ஒரு தமிழ்ப் பேராசிரியர் தனியாக 6, இன்னொருவரோடு சேர்ந்து 4 கட்டுரை எழுதினால் 88 புள்ளி. தேசிய அளவிலான பதிப்பகத்தில் ஒரு நூல், 10. அவரிடம் படித்த ஒருவர் பிஎச்டி பட்டம் பெற்றால் 10. மாநில அளவிலான கருத்தரங்கில் அழைப்பின் பேரில் ஒரு உரை, 2. சரியாக 110.

இந்த 110-க்குள் இளநிலை மாணவருக்கு நடத்திய பாடத்துக்கு ஒரு புள்ளிகூட இல்லை. ஆய்வு மையமாக அங்கீகாரம் இல்லாத கல்லூரியில் பிஎச்டி மாணவரே கிடைக்க மாட்டார். அப்போ அந்த 10 புள்ளிக்கு இன்னொரு தனிக் கட்டுரை எழுத வேண்டியதுதான். புள்ளிக்காகக் கட்டுரை என்ற நெருக்கடி வரும்போதுதான் காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் போலி இதழ்கள் உள்ளே வருகின்றன. அவற்றை வடிகட்ட வந்த யுஜிசி-கேர் பட்டியலும் 2025 பிப்ரவரியில் நிறுத்தப்பட்டது. இதழ் தரமானதா என்று பார்க்கும் பொறுப்பு இப்போ கல்லூரிகள் தலையில்.

2025 வரைவு என்ன சொன்னது?

அந்த வரைவு புள்ளிக் கணக்கை எடுத்துவிட்டு, இணைப் பேராசிரியர், பேராசிரியர் பதவிகளுக்கு 9 வகைப் பங்களிப்பில் குறைந்தது 4 இருக்க வேண்டும் என்றது. புதுமையான கற்பித்தல், இந்திய மொழிகளில் கற்பித்தல், மாணவர் இன்டர்ன்ஷிப் மற்றும் புராஜெக்ட் வழிகாட்டல், சமூகப் பணி ஆகியவை அதில் இருக்கு. ஆய்வு நிதி, ஸ்டார்ட்அப் போன்றவையும் இருக்கு.

கற்பித்தலும் மாணவர் வழிகாட்டலும் தனி வரியாக வந்தது நல்ல மாற்றம்தான். ஆனா ‘புதுமையான கற்பித்தல்’ என்று யார் முடிவு செய்வது? அது தேர்வுக் குழுவின் கையில். எண்ணிக்கையில் வகுப்பின் தரம் தெரியாது, ஆனா 73.66-ஐ யாரும் மறுக்க முடியாது. குழுவின் கருத்தில் தரம் தெரியலாம். ஆனா வேண்டியவர், வேண்டாதவர் என்ற பேச்சுக்கு வழி திறக்கும்.

மாணவர்கள் என்ன கற்றார்கள் என்று வகுப்பறைக்குள் போய்ப் பார்க்கும் ஏற்பாடு இரண்டிலுமே இல்லை. சக ஆசிரியர் ஒருவர் வகுப்பில் உட்கார்ந்து பார்ப்பதும், சேர்ந்த மாணவர்களில் எத்தனை பேர் இறுதியாண்டு வரை வந்தார்கள் என்று துறைவாரியாக எண்ணுவதும் ஒரு கல்லூரி தானாகவே தொடங்கக்கூடிய வேலைகள். அதுவரை அந்த உதவிப் பேராசிரியையின் மாலை நேர வகுப்புகள் பசங்க நினைவில் இருக்கும், அவருடைய ஃபைலில் இருக்காது.