ஒப்பந்தத்துக்கு முன்னால் ஒரு படம் இருக்கிறது

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் நம் பிள்ளைகள் சமூக ஒப்பந்தக் கோட்பாட்டை மூன்று வரியில் மனப்பாடம் செய்கிறார்கள். ஹாப்ஸ் என்றால் வரம்பற்ற அரசு, லாக் என்றால் வரம்புள்ள அரசு, ரூசோ என்றால் பொது விருப்பம். மதிப்பெண்ணுக்கு இது போதும். ஆனால் மூவரும் ஏன் மூன்று இடத்தில் போய் நின்றார்கள் என்பது அதில் இல்லை. அரசே இல்லாவிட்டால் மனிதன் எப்படி இருப்பான் என்று ஒவ்வொருவரும் முதலில் ஒரு படம் வரைந்துகொண்டார்கள். அதைத்தான் 'இயற்கை நிலை' என்கிறோம். முடிவில் பாதி அந்தப் படத்திலேயே வந்துவிடுகிறது என்பது என் கருத்து.

ஓர் உதாரணம் வைத்துப் பார்ப்போம். ஒரு வாய்க்கால், இரண்டு விவசாயிகள். கோடையில் தண்ணீர் ஒருவர் வயலுக்குத்தான் காணும். போலீஸ் இல்லை, கோர்ட் இல்லை. என்ன நடக்கும்?

ஹாப்ஸ் 'லெவியத்தான்' நூலை வெளியிட்டது 1651-இல். இங்கிலாந்தில் உள்நாட்டுப் போர் நடந்து, 1649-இல் மன்னர் முதலாம் சார்லஸின் தலையே வெட்டப்பட்டிருந்த காலம். அவர் கணக்குப்படி இரண்டு விவசாயிகளும் கெட்டவர்களாக இருக்க வேண்டியதில்லை. 'அவன் ராத்திரி வந்து மடையை உடைப்பானோ' என்று ஒருவன் பயந்தாலே போதும், தானே முந்திக்கொள்வான். மற்றவனுக்கும் அதே பயம்தான். பலசாலி என்பதாலும் பயனில்லை, தூங்கும்போது அவனை எளியவனும் கொன்றுவிடலாம். ஆகவே எல்லோரும் தங்கள் உரிமையை ஒரே அதிகாரத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்கிறார். ஒப்பந்தம் மக்களுக்குள் மட்டும்தான். அரசர் அதில் ஒரு தரப்பே அல்ல, அதனால் அவர் அதை மீறினார் என்று யாரும் சொல்ல முடியாது. ஒன்றை மட்டும் ஹாப்ஸ் விட்டுக்கொடுக்கவில்லை. தன்னைக் கொல்ல வருபவர் அரசரே ஆனாலும், எதிர்த்து உயிரைக் காத்துக்கொள்ளும் உரிமை மனிதனிடமே இருக்கிறது.

லாக்கின் நூல் அச்சானது 1689-இல். அவருடைய விவசாயிகளுக்கு அரசு இல்லாமலே நியாயம் தெரியும். வெட்டியவனுக்கு வாய்க்காலில் உரிமை உண்டு என்பதும் தெரியும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. தன் வழக்குக்குத் தானே நீதிபதியானால் யாருக்கும் தன் பக்கம்தான் சரியாகப் படும். எல்லோருக்கும் தெரிந்த சட்டம், பொதுவான நீதிபதி, தீர்ப்பை நிறைவேற்றும் பலம் ஆகிய இந்த மூன்றும்தான் அங்கே குறை. குறையை நிரப்பத்தான் அரசு, அதற்கு மேல் இல்லை. பொறுப்பை மீறினால் மக்கள் அதிகாரத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். எதேச்சாதிகார அரசருக்கும் அவர் பதில் வைத்திருக்கிறார். எந்த நீதிபதிக்கும் கட்டுப்படாத அரசர் தன் வழக்குக்குத் தானே நீதிபதி. அப்படியானால் அவருக்கும் நமக்கும் இடையே இன்னும் இயற்கை நிலைதான்.

ரூசோ இன்னும் பின்னால் போகிறார். வயலும் வாய்க்காலும் வந்ததே எப்போது என்று கேட்கிறார். 1755-இல் வந்த சமத்துவமின்மை பற்றிய நூலில் அவர் காட்டும் ஆதி மனிதன் காட்டில் தனியாகத் திரிபவன். தேவை குறைவு, பிற உயிர் வலியில் துடித்தால் இரக்கம் வரும். போட்டியும் பொறாமையும் சொத்து வந்த பிறகு வந்தவை. ஹாப்ஸ் நாட்டு மனிதனை வரைந்துவிட்டு அவனைக் காட்டு மனிதன் என்கிறார் என்பது ரூசோவின் குற்றச்சாட்டு. நிறைய நிலம் வைத்திருப்பவன், 'எல்லோரையும் காக்கச் சட்டம் செய்வோம்' என்று இல்லாதவனையும் இணங்க வைத்ததுதான் பழைய அரசுகளின் கதை என்கிறார். அதனால் 1762-இல் 'சமூக ஒப்பந்தம்' நூலில் நியாயமான ஒப்பந்தம் எது என்று தேடினார். எல்லோரும் சேர்ந்து செய்து, எல்லோருக்கும் ஒன்றுபோல் பொருந்தும் சட்டம் மட்டுமே செல்லும். அதற்குப் பணிவது தனக்கே பணிவது. ஆனால் பொது விருப்பம் இதுதான் என்று சொல்லும் வாய் யாருடையது? ஆபத்து அங்கேதான்.

என் வாக்கு லாக்குக்கு. 'நீதிபதி யார்' என்ற அவர் கேள்விக்கு மற்ற இருவரிடமும் எனக்குத் திருப்தியான பதில் கிடைக்கவில்லை. ஆனால் அவர் படத்திலும் ஓட்டை உண்டு. உழுது பயிரிட்டால்தான் நிலம் சொந்தம் என்றார். அமெரிக்கப் பழங்குடி வேட்டைக்காரனுக்குக் கொன்ற மான் சொந்தம், காடு சொந்தமில்லை என்று ஆகிவிட்டது. கரோலினா குடியேற்றத்தின் உரிமையாளர்களுக்குச் செயலராக இருந்தவர் அவர் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

ஆகவே பிள்ளைகளே, 'எனக்கு அதிகாரம் தராவிட்டால் எல்லாம் நாசம்' என்று யாராவது சொன்னால் அந்தப் படத்தை வாங்கிப் பாருங்கள். அது உண்மையா, அதில் யாரை வரையாமல் விட்டிருக்கிறார்கள், அதிகாரம் பெற்றவர் தவறினால் விசாரிப்பது யார்? மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகு சம்மதம் சொல்லலாம்.

உங்கள் வாக்கு யாருக்கு? காரணத்தோடு எழுதுங்கள், படிக்கிறேன்.