இருட்டுதான் முதலில் வந்தது

"டோனி ஐயோமியின் விரல்நுனிகள் தொழிற்சாலை மெஷினில் போச்சு, வலி குறைய கிட்டார் கம்பியைத் தளர்த்தினார், மெட்டல் பிறந்தது." கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் ஒத்துக்க மாட்டேன், வருஷம் இடிக்குது.

பிளாக் சப்பாத்தின் முதல் ஆல்பம் 1970இல் வந்தது. அதன் தலைப்புப் பாடலில் கிட்டார் வழக்கமான சுருதியில்தான் இருக்கிறது. வாசிப்பதும் மூன்றே ஸ்வரம்: ஸட்ஜம், மேல் ஸட்ஜம், பிரதி மத்யமம். அந்த மூன்றாவது ஸ்வரம் நிம்மதியே தராது. வார்த்தைகளிலும் ஹார்ட் ராக்கின் காதல், களியாட்டம் கிடையாது, பயம்தான். பிரிவு அங்கேயே நடந்துவிட்டது.

சுருதியை மூன்று அரைஸ்வரம் இறக்கியது 1971இல், 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்தில். ஏற்கெனவே இருந்த இருட்டுக்கு அது எடை கூட்டியது. வேகம் இன்னும் தாமதம்: 1978இல் ஜூடாஸ் ப்ரீஸ்ட்டின் 'எக்ஸைட்டர்' பாட்டில் இரட்டை கிக் டிரம் ஓடுவதைக் கேளுங்கள்.

கம்பியைத் தளர்த்தினால் ஹார்ட் ராக் தாழ்வாக ஒலிக்கும். அவ்வளவுதான்.