போனஸ் பங்கு ஓசியில் வந்ததல்ல

மணிமுத்தாற்றில் இருந்துகொண்டு பங்குச்சந்தையைப் பற்றி எழுதுகிறானே என்று சிரிக்காதீர்கள். முப்பது வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன், தப்பாகப் போட்ட கணக்கைப் பார்த்தால் சிவப்பு மையைத் தேடுவான். நம் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு வாரமாகச் சுற்றும் ஒரு பதிவு அப்படிப்பட்டது. எழுதியவர் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவர்தான். பெயர் சொல்ல மாட்டேன்.

அவர் எழுதியது இது: "போனஸும் ஸ்பிளிட்டும் வந்தால், வாங்கிய விலையைப் புதிய எண்ணிக்கையால் வகுத்துவிடுங்கள். வாங்கிய தேதியே எல்லாவற்றுக்கும் தேதி." இதில் பாதி சரி. அந்தப் பாதிதான் ஆளைக் கவிழ்க்கிறது.

எடுத்துக்காட்டுக்கு வெளியே தேட வேண்டாம். பஜாஜ் பைனான்ஸ் 2025 ஜூனில் இரண்டையும் சேர்த்தே செய்தது. ரெக்கார்டு தேதி இரண்டுக்கும் ஜூன் 16தான். ரூ.2 முகமதிப்புள்ள பங்கு ரூ.1 முகமதிப்பில் இரண்டானது. அந்த ஒவ்வொன்றுக்கும் நான்கு போனஸ் வந்தது. ஆக ஒன்று பத்தாயிற்று. ரூ.9,000-க்கு மேல் நின்ற விலை ஒரே நாளில் ரூ.900 சொச்சம் ஆனதைப் பார்த்துவிட்டு, "சார், எல்லாம் போச்சு" என்று எனக்குப் போன் செய்தவர்கள் மூன்று பேர்.

போகவும் இல்லை, வரவும் இல்லை. கல்லிடைக்குறிச்சியில் அப்பள மாவை உருட்டி அறுப்பதைப் பார்த்திருப்பீர்கள். எத்தனை துண்டாக அறுத்தாலும் மாவு அதே மாவுதான். ஸ்பிளிட்டில் முகமதிப்பை உடைக்கிறார்கள். போனஸில் கம்பெனி தன் கையிருப்பு லாபத்தைப் பங்கு மூலதனக் கணக்குக்கு மாற்றி, அதற்குப் பங்கு கொடுக்கிறது. வெளியிலிருந்து ஒரு பைசா உள்ளே வரவில்லை. பொருளாதாரத்தில் இரண்டும் ஒரே காரியம்.

ஆனால் வருமான வரிச் சட்டம் இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை. ஸ்பிளிட்டுக்கு, பழைய பங்கின் விலையை வகுத்துக்கொள்ளலாம். வைத்திருந்த காலமும் முதலில் வாங்கிய நாளிலிருந்தே. போனஸ் பங்குக்கோ அடக்கவிலை பூஜ்யம். அதன் காலம், அது உங்களுக்கு ஒதுக்கப்பட்ட நாளில்தான் தொடங்கும்.

இதை மறந்ததால் என் தங்கை மகனுக்கு நடந்ததைச் சொல்கிறேன். (அவன் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். "மாமா, பேரு மட்டும் போட்டுராதீங்க" என்றான்.) 2023 ஜூனில் பத்து பங்கு வாங்கினான். கணக்கு எளிதாக இருக்க, விலை தலா ரூ.7,000 என்று வையுங்கள், மொத்தம் ரூ.70,000. பத்து, நூறாயிற்று. போன நவம்பரில் மகளுக்கு ஹாஸ்டல் பணம் கட்ட வேண்டி, நூறையும் தலா ரூ.1,000-க்கு விற்றான். கையில் ரூ.1 லட்சம்.

குழுப் பதிவின்படி ஒரு பங்கின் அடக்கம் ரூ.700, லாபம் ரூ.30,000. இரண்டு வருடம் தாண்டியதால் நீண்டகால லாபம். அது வருடத்துக்கு ரூ.1.25 லட்சம் வரை வரி இல்லை. "வரியே கிடையாது மாமா" என்று சந்தோஷமாகச் சொன்னான். அவன் வைத்திருந்த செயலியும் சராசரி விலை ரூ.700 என்றே காட்டியது. அது நாம் லாபத்தில் இருக்கிறோமா என்று பார்த்துக்கொள்ளும் எண்; வரிக்கான எண் அல்ல.

சட்டப்படி போடுவோம். டீமேட்டில் முதலில் வந்ததே முதலில் விற்றதாகக் கணக்கு. ஸ்பிளிட்டான பழைய பங்குகள் இருபது. அடக்கம் தலா ரூ.3,500, அதாவது முழு ரூ.70,000-மும் இவற்றின் தலையில்தான். விற்று வந்தது ரூ.20,000. நீண்டகால நஷ்டம் ரூ.50,000. போனஸ் பங்குகள் எண்பது. அடக்கம் பூஜ்யம், விற்று வந்தது ரூ.80,000. ஐந்து மாதம்தான் ஆகியிருந்ததால் முழுவதும் குறுகியகால லாபம். அதற்கு வரி 20 சதவீதம், ரூ.16,000, 4 சதவீத செஸ் சேர்த்து ரூ.16,640.

"நஷ்டம் அம்பதாயிரம் இருக்கே மாமா, அதைக் கழிச்சுட்டா?" என்றான். கழிக்க முடியாது. நீண்டகால நஷ்டத்தை நீண்டகால லாபத்தில் மட்டும்தான் கழிக்கலாம். ரிட்டர்னை உரிய தேதிக்குள் போட்டால் எட்டு வருடம் முன்னெடுத்துச் செல்லலாம், அவ்வளவே. உண்மையான லாபம் ரூ.30,000. அதில் பாதிக்கு மேல் வரி.

இதையே இந்த ஜூன் கடந்து, போனஸ் ஒதுக்கி பன்னிரண்டு மாதம் தாண்டியபின் விற்றிருந்தால்? எண்பதாயிரமும் நீண்டகாலம், ஐம்பதாயிரம் கழியும், மீதி முப்பதாயிரத்துக்கு வரி இல்லை. "ஏலே, இருபதை மட்டும் வித்துட்டு மீதிக்கு ஏழு மாசம் கைமாத்து வாங்கியிருக்கலாம்ல, நான் தந்திருப்பேனே" என்றேன். தலையைச் சொறிந்தான்.

இது நியாயமா என்று கேட்டால், இல்லை என்பேன். 1964-இல் டால்மியா இன்வெஸ்ட்மென்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம், சம உரிமையுள்ள போனஸ் பங்கு என்றால் பழைய அடக்கத்தைப் பழையது, புதியது இரண்டின் மேலும் பரப்பிப் போட வேண்டும் என்றது. அதுதான் சரியான கணக்கு. 1995 நிதிச் சட்டம் அதை மாற்றிப் பூஜ்யம் என்று வைத்தது. ஒரு வாதம் உண்டு: அடக்கம் காணாமல் போகவில்லை, பழைய பங்கின் மேலேயே இருக்கிறது, எல்லாவற்றையும் விற்றால் கூட்டுத்தொகை ஒன்றுதானே என்பார்கள். கூட்டுத்தொகை ஒன்றுதான். ஆனால் ஒரு பக்கம் நீண்டகாலம், மறுபக்கம் குறுகியகாலம் என்று பிரித்து, இரண்டும் சந்திக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டால் அந்தக் கூட்டுத்தொகையால் யாருக்கு என்ன பயன்? சிறுசேமிப்புக்காரன்தான் இதில் மாட்டுகிறான். பெரிய ஆட்களுக்கு நாள் பார்த்து விற்க ஆடிட்டர் இருக்கிறார். நியாயமில்லை என்பதற்காக, நாமே ஒரு நியாயமான கணக்கைப் போட்டு ரிட்டர்னில் எழுத முடியுமா? அதைத்தான் குழுப் பதிவு செய்யச் சொல்கிறது.

எதிர்ப்பக்கத் தவறும் நடக்கிறது. முகமதிப்பு மாறும்போது பங்கின் ஐஎஸ்ஐஎன் எண்ணும் மாறும். டீமேட் அறிக்கையில் பழையது கழிந்து, புதியது அன்றைய தேதியில் வரவாகும். சில கணக்கு அறிக்கைகள் அதையே வாங்கிய நாளாக எடுத்து, ஸ்பிளிட் பங்கையும் பூஜ்ய அடக்கம், குறுகியகாலம் என்று போட்டுவிடுகின்றன. அப்படிப் பார்த்தால் விடாதீர்கள். பழைய காண்டிராக்ட் நோட்டை எடுத்துத் திருத்துங்கள். அறிக்கையில் போனஸ் தனி வரியாக, தனித் தேதியோடு இருக்கும். அந்தத் தேதியை எழுதி வையுங்கள்.

என்னைப் போன்ற ஓய்வூதியக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. 2018 ஜனவரி 31-க்குள் வந்த பட்டியலிட்ட போனஸ் பங்குகளுக்கு இவ்வளவு பயம் வேண்டாம். அன்றைய உச்ச விலை, இப்போது விற்கும் விலை, இரண்டில் குறைந்ததை அடக்கமாக எடுத்துக்கொள்ள வழி இருக்கிறது. 2015-இல் வந்த இன்போசிஸ் போனஸ் இதில் அடங்கும். 2018 செப்டம்பரில் வந்தது அடங்காது.

குழுப் பதிவை எழுதிய தம்பிக்கு: உன் பதிவை நம்பி, இதே பங்கை விற்ற இன்னும் இரண்டு பேர் எனக்குத் தெரியும். வியாழக்கிழமைக்குள் நீயே திருத்திப் போடு. இல்லையென்றால் இந்த நூறு பங்குக் கணக்கை உன் பதிவுக்குக் கீழே நானே ஒட்டுவேன், சிவப்பு எழுத்தில்.