படபடப்பா, மனப்பயமா, இரத்தக் குறைவா?

"நெஞ்சு படபடன்னு அடிக்குது, மூச்சு முட்டுது, என்னமோ ஆகப்போவுதுன்னு பயமா இருக்கு." தோட்டத்தில் ஒரு பெண் இப்படிச் சொன்னால் நம் வாயில் முதலில் வருவது என்ன? "சும்மா யோசிச்சு யோசிச்சு வந்தது", "நரம்புத் தளர்ச்சி", "காத்து கருப்பு பட்டிருக்கும்" என்பதுதானே! கயிறு கட்டுகிறோம், தூக்க மாத்திரை கேட்கிறோம். இரத்தத்தைச் சோதிக்காமலேயே ஒரு பெண்ணுக்கு 'பயந்தவள்' என்று பட்டம் கட்டுவது பெரும் தவறு என்பதே என் கருத்து.

நம் உடம்பில் பிராணவாயுவைச் சுமந்து செல்வது இரத்தத்தின் சிவப்புப் பொருளாகிய ஹீமோகுளோபின். அதை உண்டாக்க இரும்புச் சத்து வேண்டும். பத்துப் பேர் சுமக்க வேண்டிய செம்பனைக் குலைகளை ஐந்து பேர் சுமக்க நேர்ந்தால் என்ன ஆகும்? ஆளுக்கு இரண்டு நடை ஓட வேண்டும். இரும்புச் சத்து குறைந்தவரின் இருதயமும் அப்படித்தான் வேகமாக ஓடுகிறது. அதுதான் படபடப்பு. நெஞ்சு அப்படி அடித்தால் யாருக்குத்தான் பயம் வராது? பயத்தினால் படபடப்பு வரவில்லை, படபடப்பினால்தான் பயம் வருகிறது.

உதிரிப் பழம் பொறுக்கும் 38 வயதுச் சகோதரி ஒருவரை உதாரணமாக வைத்துக்கொள்வோம். மாதவிலக்கு 8 நாள் நீடிக்கிறது, கட்டி கட்டியாகப் போகிறது. "எங்கம்மாவுக்கும் இப்படித்தான்" என்று அவர் யாரிடமும் சொல்வதில்லை. முன்பு சாக்கோடு மேடு ஏறியவர் இப்போது பாதி மேட்டில் நின்று மூச்சு வாங்குகிறார். இரவில் படுத்தால் காதுக்குள் 'டம் டம்' என்று கேட்கிறது. பச்சரிசியை அள்ளி வாயில் போட்டு மெல்லுகிறார். ஐஸ் கட்டியைக் கடிக்கிறார். இதைப் பார்த்து வீட்டில் சிரிக்கிறார்கள். ஆனால் இந்த வினோத ஆசை இரும்புச் சத்துக் குறைவின் நல்ல அடையாளம். கிளினிக்கில் சோதித்தால் ஹீமோகுளோபின் 7.9. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12 இருக்க வேண்டும்.

மனப்பயத்திலிருந்து இதை எப்படிப் பிரித்தறிவது? மனப்பயத்தின் தாக்குதல் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் திடீரென்று வரும். சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய்ப் பிறகு தணியும். இரத்தக் குறைவின் மூச்சிரைப்போ வேலையோடு வரும், மேடு ஏறினால் கூடும், உட்கார்ந்தால் குறையும். ஆனாலும் இதை மட்டும் நம்பி முடிவு கட்டக்கூடாது. இரண்டும் ஒருவருக்கே இருக்கலாம்.

சோதனையில் இன்னொன்றையும் கேளுங்கள். அதன் பெயர் ஃபெரிட்டின். அது உடம்பின் இரும்புக் கையிருப்பைக் காட்டும். கையிருப்புதான் முதலில் தீரும், ஹீமோகுளோபின் பிறகுதான் இறங்கும். நம் நாட்டில் தலசீமியா என்னும் பரம்பரைக் குறையும் பலருக்கு உண்டு. அதிலும் இரத்தம் குறைவாகத் தெரியும், ஆனால் கையிருப்பு பெரும்பாலும் குறைவதில்லை. அவர்களுக்கு இரும்பு மாத்திரை பயன் தராது. ஆகவே பக்கத்து வீட்டு மாத்திரையை வாங்கி விழுங்க வேண்டாம்.

நம் சகோதரிக்கு டாக்டர் கொடுப்பது பெரும்பாலும் 200 மில்லிகிராம் ஃபெரஸ் ஃபூமரேட் மாத்திரைதான். நாளுக்கு ஒன்று, வயிறு ஒத்துக்கொள்ளாவிட்டால் டாக்டர் சொல்லி ஒரு நாள் விட்டு ஒரு நாள். வெறும் வயிற்றில் எலுமிச்சை நீரோடு சாப்பிடலாம். தேநீரோடு மட்டும் கூடாது. தேநீர் இரும்பைச் சேரவிடாது. ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். பலகாரம், சோறு எதற்கும் கையோடு ஒரு கிளாஸ் தேநீர் குடிக்கும் நம் வழக்கமே இதில் பாதி வம்பு! மலம் கறுத்துப் போனால் பயப்பட வேண்டாம், மாத்திரையால் வருவதுதான். மூன்று நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் ஏறக்குறைய 2 ஏறும், மேட்டில் மூச்சும் இலகுவாகும். "இப்ப நல்லாத்தானே இருக்கு" என்று பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். இரத்தம் சரியான பிறகும் மூன்று மாதம் சாப்பிட்டால்தான் கையிருப்பு நிறையும். அந்த 8 நாள் போக்குக்கும் வைத்தியம் பார்க்க வேண்டும். ஓட்டைப் பானையில் எவ்வளவு ஊற்றினாலும் நிற்காது.

ஆண்களுக்கோ மாதவிலக்கு நின்ற பெண்களுக்கோ இரும்பு குறைந்தால் வயிற்றிலோ குடலிலோ இரத்தம் கசிகிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். மாத்திரை எதுவும் சாப்பிடாமலேயே மலம் தார்போல் கறுத்தாலும், நெஞ்சு வலித்தாலும், மயங்கி விழுந்தாலும், மறுநாள் பெரட்டு முடியட்டும் என்று காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இரும்புக் கையிருப்பு நிறைந்த பிறகும் படபடப்பு நிற்கவில்லையென்றால் தைராய்டையும் இருதயத்தையும் சோதிக்கச் சொல்லுங்கள். அவையும் சரியாக இருந்தால் மனப்பயமாக இருக்கலாம். அதுவும் வெட்கப்பட வேண்டிய நோயல்ல. அதற்கும் டாக்டரிடம் வைத்தியம் உண்டு.